வால் மட்டும் எழுதினால் போதும்

போன வாரம் பென்னலூர் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். டீ சுமார்தான். கடை வாசலில் பழைய ஹெல்மெட் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அதில் மண் நிரப்பி, பத்துமணிப் பூ வைத்திருந்தார்கள். கம்பெனிகளில் தலைக்கு மாட்டுகிற மஞ்சள் ஹெல்மெட். நெற்றிப் பக்கத்தில் சிவப்பு பெயின்டில் ஏதோ எழுதி, வெயிலில் உரிந்து, "கஞ்" என்பது வரைக்கும் மிச்சம் இருந்தது. பக்கத்து வெல்டிங் பட்டறையில் யாரோ கேட்டுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். தின்னர் வாடை மூக்கில் ஏறியது. டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

தின்னர் வாடை வந்தால் எனக்குத் தயாளன் சார் ஞாபகம் வந்துவிடும். சிலருக்கு மல்லிகை வாசனையில் காதலி வருவாளாம், எனக்கு வாய்த்தது இது.

படிப்பு முடித்த கையோடு நான் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கார் கம்பெனிக்குத் தகடு அழுத்திக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலை. "கம்பெனியில் வேலை" என்று அம்மா கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். உண்மையில் என்னை வைத்திருந்தது அந்தக் கம்பெனிக்கு ஆள் பிடித்துத் தருகிற கான்ட்ராக்டர். கேட்டுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை, ஒரு மின்விசிறி, யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று பார்க்கிற வேலை. கான்ட்ராக்டரை நான் பார்த்ததே இல்லை. அவருக்குப் பதிலாக இருந்து எங்களை ஆண்டவர் தயாளன் சார். பெயர் வைத்த பெற்றோருக்குக் குசும்பு அதிகம். தயவு என்ற சரக்கு அவரிடம் மருந்துக்கும் கிடையாது.

ஆட்கள் எல்லோரும் வடக்கிலிருந்து வந்தவர்கள். அதில் ராஜூ மட்டும் ஒரு பட்டாளம். அதற்கப்புறம் சோனு, பப்பு, சந்தோஷ், மறுபடியும் ராஜூ. "ஏய் ராஜூ" என்று கூப்பிட்டால் லைன் பாதி திரும்பிப் பார்க்கும். தயாளன் சார் இதற்கு வழி கண்டுபிடித்தார். ஆளின் பெயரை விட்டுவிட்டு ஊர்ப்பெயரை ஹெல்மெட்டில் எழுதச் சொன்னார். ஷாஜஹான்பூர், பிரோஸாபாத், டால்டன்கஞ்ச். எழுதப் பார்த்தால் ஹெல்மெட் நெற்றியில் இடம் போதவில்லை, தமிழில் எழுதினால் இன்னும் நீளம்.

"எதுக்கு முழுசா? வால் மட்டும் எழுதினா போதும்மா. பூர், பாத், கஞ்ச். வாலப் புடிச்சா மாடு வந்துடும்."

அன்றிலிருந்து அவர்கள் பூர், பாத், கஞ்ச் ஆனார்கள். பெயின்ட் டப்பாவும் பிரஷும் அவர் கையிலேயே இருந்தது. அந்த வேலையை மட்டும் அவர் யாரையும் செய்ய விடவில்லை. புது ஆள் வந்தால் பஞ்சில் தின்னரை நனைத்து, பழைய எழுத்தை அழித்து, புது வாலை எழுதுவார். வால் ஒன்றாக இருந்தால் அழிக்கவும் வேண்டாம். ஒரு பூர் போனால் அடுத்த பூர் அதையே மாட்டிக்கொள்வான். இதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி.

எழுதியதோடு நிற்கவில்லை. தங்கும் ஷெட்டையும் வால் பார்த்துப் பிரித்தார். சேரப்பணஞ்சேரி போகிற வழியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுகள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒன்றில் பூர்கள், ஒன்றில் பாத்கள், கடைசியில் சாக்கடையை ஒட்டிய ஷெட்டில் கஞ்ச்கள். இதற்கு அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது. "பாத்னா பாய்ங்க. பூர்னா நம்மாளுங்க. கஞ்ச்னா கலப்படம்." இதைச் சொல்லிவிட்டு, பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி என்னைப் பார்ப்பார்.

அந்தத் தத்துவத்தின் லட்சணத்தை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். பிரோஸாபாத்திலிருந்து வந்தவர் ஒரு பிராமணர், துபே என்று பெயர். அவரைப் பாத் ஷெட்டில் போட்டு, "தாடி வளக்கலியா பாய்?" என்று தினமும் விசாரித்தார்கள். ஷாஜஹான்பூர்க்காரர் அன்சாரி, ஐந்து வேளை தொழுகிறவர். அவர் பூர் என்பதால் ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைக்க அவரைத்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். பாவம், எதற்கு உடைக்கிறோம் என்று தெரியாமலே உடைத்துவிட்டு, கையில் குங்குமத்தோடு நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அந்தக் காலத்தில் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாதவள்தான், ஆனால் அன்று வரவில்லை.

எனக்கு ஊர்ப்பெயர்ப் பைத்தியம் சின்ன வயதிலேயே உண்டு. காரணம் எங்கள் தெரு. படப்பைக்கு உள்ளே தள்ளி, பெரிய ஊருக்கு வெளியே நாங்கள் இருந்த இடத்துக்கு எந்தக் காலத்திலோ ஒரு பாதிரியார் வந்து, சின்னக் கோயில் கட்டி, சவேரியார்புரம் என்று பெயர் வைத்தார். அதற்கு முன்னால் அது வெறும் சேரி. சேரி என்றால் சேர்ந்து வாழ்கிற இடம், அவ்வளவுதான் பொருள். அந்தப் பக்கத்தில் சேரி என்று முடிகிற பெரிய ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனாலும் எங்களை மட்டும்தான் அந்த வார்த்தையால் அடித்தார்கள். பெயர்ப்பலகையில் புரம் வந்தபிறகும் பஸ் கண்டக்டர் "சேரி ஸ்டாப்பு எறங்கு" என்றுதான் சொல்வார். பெயர் வைக்கிறவன் ஒருத்தன், கூப்பிடுகிறவன் வேறொருத்தன் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அதனால் இந்த வால்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் எங்கேயாவது உதவும். பூர் என்பது நம்முடைய புரம்தான். சமஸ்கிருதத்தில் முதலில் கோட்டை, மதில் சூழ்ந்த இடம், பிறகு பொதுவாக ஊர். ராஜாக்கள் வைத்தார்கள், சுல்தான்களும் கூச்சமே இல்லாமல் வைத்தார்கள். ஜான்பூர் ஒரு தில்லி சுல்தான் தன் முன்னவரின் பெயரால் எழுப்பிய ஊர். வெள்ளைக்காரனும் விடவில்லை. பஞ்சாபில் கால்வாய் வெட்டிக் குடியேற்றிய ஊருக்கு ஒரு துரையின் பெயரோடு பூரை ஒட்டி லயல்பூர் என்றார்கள். நாடு பிரிந்து அந்தப் பக்கம் போனபிறகு அதே ஊர் ஓர் அரபு மன்னரின் பெயரில் பைசலாபாத் ஆகிவிட்டது. ஊர் நகரவில்லை, தலையும் மாறி வாலும் மாறிவிட்டது.

ஆபாத் பாரசீகம். மனிதர்கள் குடியிருக்கிற, பயிர் விளைகிற, செழிப்பான இடம் என்று பொருள். ஆப் என்றால் தண்ணீர், அதிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். கேட்க அழகாக இருக்கிறதே தவிர, விஷயம் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. மக்கள்தொகையை இந்தியில் ஆபாதி என்கிறார்களே, அதே சொல்தான். அதில் மதம் கிடையாது. அபோட்டாபாத் என்று ஓர் ஊர் இருக்கிறது, அபோட் ஓர் ஆங்கிலேய மேஜர். கஞ்ச்சும் பாரசீகத்தில் புதையல், களஞ்சியம் என்று தொடங்கி, இந்தப் பக்கம் வந்து தானியச் சந்தையாகிவிட்டது. நம்ம ஊர் பேட்டை மாதிரி. நவாப் வைத்தால் நவாப்கஞ்ச், துரை வைத்தால் டால்டன்கஞ்ச், ஃபார்ப்ஸ்கஞ்ச். ஒரு கர்னல் முகாம் போட்டால் கர்னல்கஞ்ச். சராய் என்றால் வழிப்போக்கர் தங்குகிற இடம், நம்ம சுங்குவார்சத்திரத்தில் இருக்கிற சத்திரம்தான் அது. ஆகமொத்தம் வாலை வைத்து எந்த மொழியில் பெயர் வைத்தார்கள் என்று சொல்லலாம். அங்கே இருப்பவன் யாரைக் கும்பிடுகிறான் என்று சொல்ல முடியாது.

ஒருநாள் இதில் கொஞ்சத்தைத் தயாளன் சாரிடம் எடுத்துவிட்டேன். கடைசியில், "சார், உங்க ஊரும் பாத்தானே?" என்றேன். அவருக்கு வாலாஜாபாத். ஆற்காட்டு நவாபின் பட்டப்பெயர் வாலாஜா, அதிலிருந்து வந்த ஊர். ஒரகடத்திலிருந்து நேரே போகிற ரோடுதான்.

பிரஷைக் கீழே வைத்தார். "எங்க ஊரு பாத் வேற, இவனுங்க பாத் வேற. எங்களுது தமிழ் பாத்து. நீ இன்னா படிச்சிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

வேலையைப் பார்க்கப் போனேன். எருமைமேல் மழை.

லல்லனைப் பற்றிச் சொல்லவே இத்தனை சுற்று. கஞ்ச் ஷெட்டில் இருந்தவன். இருபதைத் தாண்டியிருப்பான். மெலிந்த உடம்பு, முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருக்கும். கேட் பாஸில் அவன் பெயர் ராஜா. அது அவனுக்கு முன்னால் ஓடிப்போன யாருடைய பாஸோ. "ஆள் போனாலும் பாஸ் போவாது" என்பது எங்கள் கொட்டகையின் இன்னொரு பொன்மொழி. புதுப் பாஸ் எடுக்க அலைச்சல் என்று பழையதிலேயே புது ஆளை ஏற்றிவிடுவார்கள். சிம் கார்டுகூட மேஸ்திரி வாங்கிக் கொடுத்ததுதான். ஆக அந்தத் தொழிற்சாலைக்குள் லல்லன் என்று ஒருவன் இல்லவே இல்லை. எனக்கு மட்டும் தெரியும், நான் பெயரைக் கேட்டேன் என்பதால்.

ஒருநாள் மதியம் கேட் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது வாலாஜாபாத் பஸ் போனது. பலகையில் இருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அவன் கண்ணை அகல விரித்தான். "தீதி, இதர் பீ நவாப்?" அக்கா, இங்கேயும் நவாபா என்று. எனக்குத் தெரிந்தது சீரியல் பார்த்துப் படித்த இந்தி. ஆமாம், நவாப் எங்கேதான் இல்லை என்றேன். அவன் சிரித்தான். அவன் ஊர்ப்பக்கம் நவாப் வேட்டைக்கு வருவாராம். அவர் பரிவாரத்துக்கு மாவும் உப்பும் விற்கப் போட்ட கடைத்தெருதான் நவாப்கஞ்ச் என்று பெரியவர்கள் சொல்வார்களாம். ஆற்றுக்கு அக்கரையில் பைசாபாத், இப்போது அதற்கும் அயோத்தி என்று பெயர் மாற்றிவிட்டார்கள் என்றான்.

"அப்ப உன் வீடு நவாப்கஞ்சில் எங்கே?" என்று கேட்டேன். கஞ்ச்சில் யாருக்கு வீடு இருக்கும், அது கடைத்தெரு என்றான். வெளியூரில் கேட்டால் தெரிந்த பெயரைச் சொல்வதுதானே வழக்கம். நாங்கள்கூட மெட்ராஸில் யாராவது கேட்டால் தாம்பரம் பக்கம் என்போம். அவனுடைய இடம் வயல் வழியாக நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. பெயர், மங்கரு கா புர்வா. புர்வா என்றால் குட்டிப் புரம். பெரிய கிராமத்துக்கு வெளியே யாராவது ஒருவன் போய்க் குடிசை போட்டால், அவன் பெயரால் அது அவனுடைய புர்வா. மங்கரு அவனுடைய பூட்டனாம். சுல்தானும் இல்லை, துரையும் இல்லை, ஊரில் இடம் கொடுக்காததால் வெளியே குடிசை போட்ட ஓர் ஆள். வரைபடத்தில் தேடினால் கிடைக்காது என்றான். எங்கள் சவேரியார்புரம்கூட அப்படித்தான் என்றேன். எங்களுக்குள் அதற்கு மேல் பேச்சு எதுவும் இல்லை. ஆனால் அதற்குப்பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் "புரம் தீதி" என்பான்.

அவன் செத்தது ஒரு காலை நேரத்தில். தகடு சுருள் சுருளாக வரும், யானைக்குட்டி கனம் இருக்கும். லாரியிலிருந்து இறக்கும்போது தூக்கு பெல்ட் அறுந்தது. பழைய பெல்ட், எல்லோருக்கும் தெரியும். சுருள் உருண்ட வழியில் லல்லன் நின்றிருந்தான். போன் அவன் சட்டைப் பையில் இருந்தது. அவனுக்கு ஆனதுதான் அதற்கும் ஆனது. இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

பிணவறையில் கேட்டார்கள், பெயர் என்ன, ஊர் என்ன, சொந்தக்காரர் யார்? தயாளன் சார் என்னைப் பார்த்தார். எனக்கு அவன் புர்வாவின் பெயர் தெரியும், வீட்டு போன் நம்பர் தெரியாது. கஞ்ச் ஷெட்டுக்கு ஓடினேன். அங்கேதான் அந்த வால் தத்துவத்தின் உண்மையான பயன் எனக்கு விளங்கியது. ஒருவர் டால்டன்கஞ்ச், ஜார்க்கண்ட். ஒருவர் ஃபார்ப்ஸ்கஞ்ச், பீகாரில் நேபாள எல்லை. ஒருவர் கரீம்கஞ்ச், அஸ்ஸாம், பேசுவது வங்காளம். வால் ஒன்றுதான், ஒருவர் ஊரிலிருந்து இன்னொருவர் ஊருக்குப் போக நாள்கணக்கில் ரயிலேற வேண்டும். நன்றாக ரொட்டி சுடுவான், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசுவான் என்றார்கள். எந்த வீடு என்று யாருக்கும் தெரியவில்லை. அவனுக்குப் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் பூர் ஷெட்டிலும் பாத் ஷெட்டிலும் சிதறிக் கிடந்தார்கள். அவர்களுக்கு இவன் யாரென்றே தெரியாது.

தயாளன் சாரிடம் போய்க் கத்தினேன். அவர் கோபப்படக்கூட இல்லை.

"பின்ன? ஒரே ஊர்க்காரன ஒண்ணா போட்டா சங்கம் வச்சிடுவானுங்க. தெரிஞ்சிதான்மா பிரிச்சேன். எனக்குத் தெரியாதா, எந்த ஊரு எங்க கீதுன்னு?"

நான் அவரை முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் போனில் வரைபடத்தைத் திறந்து நவாப்கஞ்ச் என்று தேடினார். வரிசையாக வந்துகொண்டே இருந்தது. பரேலி பக்கம் ஒன்று, உன்னாவ் பக்கம் ஒன்று, பாராபங்கி, கோண்டா, கான்பூருக்குள் ஒன்று, பிறகும் இறங்கிக்கொண்டே போனது. வராமல் என்ன? அவத் நவாபுகள் பல தலைமுறை ஆண்டார்கள். அவர்கள் குடும்பத்தில் யார் எங்கே சந்தை வைத்தாலும் அது நவாப்கஞ்ச்தான். எந்த நவாப் என்று சொல்லவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. ஆண்டவனுக்கு ஒரு பெயர் போதும், தேடுகிறவனுக்குத்தான் போதாது.

தயாளன் சார் முதலில் வந்ததைத் தொட்டார். அந்த ஊர் போலீஸ் நம்பரைப் பிடித்து, ஷிப்ட் சூப்பர்வைசரை விட்டு இந்தியில் பேசச் சொன்னார். ராஜா என்று யாராவது காணாமல் போயிருக்கிறார்களா? இல்லை என்றார்கள்.

"கேட்டாச்சி. இல்லன்னுட்டான். முடிஞ்சிச்சி."

"சார், அவன் பேரு ராஜா இல்ல, லல்லன். ஆத்துக்கு அக்கரையில பைசாபாத்னு சொன்னான். அப்ப அது கோண்டா பக்கத்து நவாப்கஞ்ச். நான் பேசறேன்."

"பாஸ்ல ராஜான்னு கீது. ஹெல்மெட்ல கஞ்ச்னு கீது. நீ சொல்ற லல்லன் எங்க கீறான்?"

நான் வீட்டில் உட்கார்ந்து போன் போட்டேன். யாராவது எடுத்தால் என் இந்தியைக் கேட்டுச் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். அழுகையாக வந்தது, மறுபடியும் போட்டேன். கோண்டா பக்கத்து நவாப்கஞ்ச் நிலையத்தில் ஒரு வயதான குரல் பொறுமையாகக் கேட்டது. மங்கரு கா புர்வா என்றேன். "இங்கே மரத்துக்கு ஒரு புர்வா இருக்கிறது பெண்ணே" என்றார். பிறகு, கிராமச் சௌக்கிதாரை, அதாவது ஊர்க்காவலாளை, விட்டு விசாரிக்கிறேன், உன் நம்பரைச் சொல் என்றார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், அவர் பெயர்கூடத் தெரியாது.

சௌக்கிதார் வயல் வயலாகப் போய்த் தேடிக் கண்டுபிடித்தபிறகு, லல்லனின் அப்பா என்னைக் கூப்பிட்டார். எடுத்துப் போய் எரிக்க வேண்டாம், நான் வருகிறேன், நானே கொள்ளி வைக்கவேண்டும், அதுவரை வைத்திருக்கச் சொல்லுங்கள் என்றார். அந்த ஒரே வேண்டுகோளைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பிணவறைக்கு ஓடினேன். பெட்டி காலி. கேட்பாரில்லாத உடல் என்று எழுதி வாங்கிக்கொண்டு தயாளன் சார் ஆட்களோடு அன்று காலையிலேயே எடுத்துப் போய்விட்டார் என்றார்கள்.

ஏரிக்கரையை ஒட்டி ஒரு பொட்டல், சுடுகாடு பாதி இடுகாடு பாதி. நான் போனபோது மண்ணை மூடித் தட்டிக்கொண்டிருந்தார்கள். நடந்ததை அங்கிருந்த ஆள்தான் சொன்னார். எரிப்பதா புதைப்பதா என்று அவர் கேட்டிருக்கிறார். உடம்பைப் பார்த்து எதையும் சொல்லும்படி இல்லை. தயாளன் சார் கொஞ்சம் யோசித்திருக்கிறார். பூர் என்றால் எரித்திருப்பாராம், பாத் என்றால் புதைத்திருப்பாராம். கஞ்ச் அவரைக் குழப்பிவிட்டது. பிறகு, "மொதல்ல நவாப்னு கீதில்ல? பொதைச்சிடு" என்றாராம்.

நவாப் சந்தைதான் வைத்தார். அந்தச் சந்தைக்கு நெல் கொண்டுவந்தவன், உப்பு வாங்கினவன், மாட்டுவண்டி ஓட்டினவன் எல்லோரும் நவாபா? இதை நான் அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். மண்வெட்டிக்காரர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். "இப்ப இன்னா, தோண்டி எடுத்துக் கேக்கட்டுமா?" என்றார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மன்னிப்பைப் பற்றிச் சாமியார் பேசும்போது நான் கோயிலின் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள் கஞ்ச் ஷெட்டின் கணக்கு சரியாகிவிட்டது. கிஷன்கஞ்சிலிருந்து ஒரு பையன் வந்தான். தயாளன் சார் தின்னர் டப்பாவைத் திறக்கவே இல்லை. லல்லனின் ஹெல்மெட் அன்று அவன் தலையில் இருந்திருக்கவில்லை, கழற்றி வைத்திருந்ததால் நசுங்காமல் தப்பியிருந்தது. அதைத் துடைத்து அந்தப் பையனிடம் கொடுத்தார்.

அப்பா வந்து சேர்ந்தார். வேட்டி, தோளில் சிவப்புக் கட்டம் போட்ட கம்ச்சா துண்டு, கையில் ஒரு துணிப்பை. பைக்குள் கொஞ்சம் நெய்யும் சந்தனக் கட்டைத் துண்டும் இருந்தது. மகனை எரிக்கக் கொண்டுவந்தது. புதைத்துவிட்டார்கள் என்பதை என் இந்தியில் நான்தான் சொன்னேன். அதை மென்மையாகச் சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை. தெரிந்த வார்த்தையில் சொன்னேன். தோண்டி எடுக்க மேலே இருந்து உத்தரவு வேண்டும், அதற்கு முதலில் இறந்தவன் ராஜா இல்லை என்று நிரூபிக்க வேண்டும் என்று தயாளன் சார் சொன்னதையும் நானே மொழிபெயர்த்தேன். பெரியவர் மண்மேட்டைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, தலை எந்தப் பக்கம் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எங்களில் ஒருவர்கூட அதைக் கவனித்து வைத்திருக்கவில்லை.

ஒரு பிடி மண்ணைக் கம்ச்சாவில் முடிந்துகொண்டார். ஊருக்குப் போய்ச் சரயு ஆற்றில் கரைப்பேன் என்றார். நெய்யை அந்த மேட்டின்மேல் ஊற்றினார், மண் உடனே குடித்துவிட்டது. கிளம்பும்போது என் தலையில் கை வைத்து, "ஆபாத் ரஹோ, பிட்டியா" என்றார். குடியும் குடித்தனமுமாகச் செழித்து இரு மகளே என்று அர்த்தம். மகனைத் தொலைத்த இடத்தில் நின்றுகொண்டு ஒரு மனிதர் என்னை அப்படி வாழ்த்தினார்.

சற்றுத் தள்ளி பைக்கில் சாய்ந்து நின்ற தயாளன் சார் இதைக் கேட்டுவிட்டார்.

"இன்னா சொல்றான், பாத்துன்றான்? அவன் பாத்தா? நாம கஞ்ச்னு இல்ல எழுதினோம்?"

அந்த வாரமே வேலையை விட்டுவிட்டேன். அம்மா கோயிலில் சொல்வதற்கு வேறு காரணம் தேடிக்கொண்டாள்.

டீக்கடைக்காரர், நான் ஹெல்மெட்டையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "செடி வேணுமா மேடம்? கிள்ளித் தரேன், அப்டியே நட்டா வந்துடும்" என்றார். ஹெல்மெட் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். காயலான் கடையில் என்றார். அது லல்லனும் அவனுக்குப்பின் கிஷன்கஞ்ச் பையனும் மாட்டியதுதானா, வேறு ஏதோ ஒரு கஞ்ச்சின் தலையில் இருந்ததா, எப்படிச் சொல்வது? வால் எழுதுவதில் உள்ள வசதியே அதுதான்.

இப்போது அந்த வால்கூட இல்லை. தொழிற்சாலைகளில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறது, ஹெல்மெட்டில் எண் ஒட்டியிருக்கிறார்கள். தயாளன் சார் கான்ட்ராக்டராகிவிட்டார் என்று கேள்வி. ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுகள் இடிந்த இடத்தில் ஏதோ சிட்டி என்று பலகை, அதற்கடுத்து ஏதோ என்க்ளேவ். ஒரகடத்துக்கு இப்போதைய சுல்தான்கள் வைக்கிற வால்கள் இவை. ஏரிக்கரைப் பொட்டலைச் சமப்படுத்தி, ஜல்லி கொட்டி, லாரி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். அதற்குப் பெயர் லாஜிஸ்டிக்ஸ் பார்க். போய்ப் பார்த்தேன், மண்மேடு எந்த லாரியின் கீழே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்வார். போன தீபாவளிக்கும் செய்தார். உடம்பு, மழை, மருமகளின் குழந்தை என்று பேசிவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். அங்கே யாராவது இருக்கிறார்களா, இல்லை இன்னும் வெறும் பொட்டல்தானா, பையன் தனியாகவா கிடக்கிறான்?

"இல்லை பாபா, இப்ப அங்கே லாரிகள் நிற்கின்றன. டிரைவர்கள் அங்கேயே சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள். நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்றேன். அத்தனையும் உண்மை.

அந்தப் பக்கம் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது.

"அச்சா," என்றார். "அப்படியென்றால் அந்த இடம் ஆபாத்."